செயலாளர் வைத்திருந்த மாடிச் சாவி

முகப்பேரிலேயே பொறுப்பான அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கொழுந்துவேலுதான் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. அவருக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது. மொட்டைமாடி அசுத்தமாகிறது என்று கோடையிலேயே கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டவர் அவர். அதன்பின் துணி உலர்த்தவும் யாரும் மேலே ஏறவில்லை, பெருக்கவும் ஏறவில்லை.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள், மேல்தளத்துப் பிலோமினா டீச்சர் வந்து நின்றார். படுக்கைக்கு மேலே கூரை ஊறி, பூச்சு உப்பியிருந்தது.

"உங்க ஏசி தண்ணியா இருக்கும், டீச்சர்."

"ஏசி ஹால்ல இருக்கு சார். ஒழுகுறது பெட்ரூம்ல. கட்டிலை எங்க தள்ளுவேன்? சாவியக் குடுங்க."

"சாவி யார் கைக்கும் போகாது. நானே வர்றேன்."

கதவைத் திறந்தார். மாடி முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர். வேப்பஞ்சருகு மூலையில் கூழாகி, மழைநீர் இறங்கும் குழாய்வாயை அடைத்திருந்தது. முகத்தைச் சுளித்தபடி கையை விட்டுச் சருகை அள்ளிப் போட்டார். தண்ணீர் சுழன்று, குழாயில் கடகடவென இறங்கியது.

கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நல்லவேளை, பூட்டி வெச்சிருந்தேன். இல்லன்னா பிள்ளைங்க இந்தத் தண்ணில வழுக்கி விழுந்திருக்கும்."

"பூட்டாம இருந்திருந்தா யாராவது பெருக்கியிருப்பாங்க சார்," என்றார் டீச்சர். "தண்ணியே நின்னிருக்காது."