பைல் இறங்காத இடம்

டும். ஒரு மூச்சளவு மௌனம். மறுபடியும் டும்.

நான் இப்போது குடியிருக்கிற நகரத்தில் எங்கேயோ மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அத்திவாரம் போடுகிறார்கள். இந்த ஊரில் கடல் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தால் என் வாயில் உப்புக் கரிக்கிறது. வீடு மாறிப் பார்த்தேன், ஊர் மாறிப் பார்த்தேன். எங்கே போனாலும் யாரோ ஒருவர் எதையோ நிலத்துக்குள் அடித்து இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அடிக்கும் அடிக்கும் நடுவே வருகிற அந்த மௌனத்தில், கீழே யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் புதிய இறங்குதுறை ஒன்று எழும்பிக்கொண்டிருந்த காலம். அதைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் கந்தோரில் நான் தட்டெழுத்தாளராக இருந்தேன். கந்தோர் என்பது தகரக் கூரையும் பலகைச் சுவரும். கதவைத் திறந்தால் கடல். மூடினால் கடலின் வெக்கை. கடலடியில் அடித்து இறக்கும் கொங்கிறீற் தூண்களை நாங்கள் பைல் என்போம். அடிக்கிற இயந்திரம், ஏற்கெனவே இறக்கி முடித்த பைல்களின் மேல் நின்றுகொண்டே அடுத்த வரிசைக்கு நகரும். ஆகவே ஒரு வரிசை நின்றால் முழு வேலையும் நிற்கும்.

அப்படித்தான் நின்றது. நடு வரிசையில் ஒரு பைல், போக வேண்டிய ஆழத்துக்குப் பாதி தூரமும் போகாமல் இறங்க மறுத்தது. சம்மட்டி துள்ளியது, பைலின் தலை நொறுங்கியது. சுழியோடி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, கீழே இரும்பு கிடக்கிறது என்றார். சேற்றில் புதைந்த பார்ஜ் ஒன்று, சரக்கு ஏற்றும் தட்டைப் படகு. இரண்டாம் தரம் இறங்கியவர் கையில் ஒரு மனிதக் கால் எலும்பை ஏந்திக்கொண்டு மேலே வந்தார். மற்ற எலும்புகள் நெளிந்த தகடுகளுக்குள் இறுகிக் கிடக்கின்றன, எடுக்க ஏலாது என்று மட்டும் சொன்னார்.

பொலிஸ் வந்தது. நீதவான் வந்து பார்த்துவிட்டு, எலும்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். வேலை கொடுத்த தரப்பு எங்கள்மேல் கண்காணிப்புக்கு வைத்திருந்த பெரிய எஞ்சினியர், ஒரு சிங்கள மனிதர், தான் சொல்லும்வரை அந்த வரிசையை யாரும் தொடக்கூடாது என்று வாயால் சொன்னார். எங்கள் எஞ்சினியர் யாழ்ப்பாணத்தவர். வாயால் சொன்னதை அவர் காற்றில் விடுகிறவர் இல்லை.

"தங்கச்சி, உடன ஒரு கடிதம் அடியுங்கோ. நீங்கள் இப்பிடிச் சொன்னனீங்கள், அதின்படி நிப்பாட்டியிருக்கிறம் எண்டு. அவர் மறுக்காட்டி அது உத்தரவு. எழுதாட்டி அது வெறும் கதை."

தடங்கல் தெரிந்த அன்றே, ஒப்பந்தம் கேட்கிறபடி, எழுத்தில் அறிவித்தலும் கொடுத்திருந்தோம். அறிவித்தல் பிந்தினால் உரிமையும் போகும் என்பது அவருடைய வேதம்.

பிறகு வந்தது பெரிய கடிதம், கால நீடிப்புக் கேட்கும் கடிதம். முடிக்க வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தாண்டினால் வாரத்துக்கு இவ்வளவு என்று தண்டம் பிடிப்பார்கள். ஏற்கெனவே கடனில் நின்ற எங்கள் முதலாளி அதைத் தாங்கமாட்டார். பைல் அடிக்கிற கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இது எல்லோருக்கும் தெரியும். கந்தோர் நாய்க்கும் தெரியும்.

கடிதம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு தாமதத்துக்கும் கீழே என்ன நடந்தது, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எதிலே பதிவு என்று வரும். நிலத்தின் ஒரு மூலையைப் பிந்தித் தந்தது: நிலம் ஒப்படைக்கும் பிரிவு, கையொப்பமிட்ட ஒப்படைப்புத் தாள். திருத்திய வரைபடம் பிந்தி வந்தது: வரைபடப் பிரிவு, வரவுப் பதிவேடு. மழை என்ற இடத்தில் எங்கள் எஞ்சினியர் பேனையை உருட்டினார்.

"வாடைக் காத்துக்கு மழை பெய்யும் எண்டு திருகோணமலையில பிறந்த குழந்தைக்கும் தெரியும். வழமைக்கு மிஞ்சின மழைதான் கணக்கு. அதிலயும் பார்ஜால வேலை நிண்ட நாளில பெய்த மழையைக் கழிக்கவேணும்."

"ஏன் சேர், அதுவும் மழைதானே?"

"ஒரே நாள் ரெண்டு தரம் சாகாது, தங்கச்சி."

சிரித்தோம். சிரிப்பு அந்தப் பலகைச் சுவருக்குள் நெடுநேரம் சரியாகப் பொருந்தாமல் நின்றது.

பார்ஜுக்கு வந்தோம். அதற்கான பிரிவு, அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர் ஒருவர் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத தடங்கல் என்று சொல்லும். பதிவுகள் எங்களிடம் இருந்தன: எதுவுமே காட்டாத துறைமுக வரைபடம், கடலடி மண்ணில் செய்து சுத்தமாக வந்த துளைச் சோதனைகள், பைல் இறங்கிய அளவேடு, இரு தரப்பும் கையொப்பமிட்ட சுழியோடியின் அறிக்கை, தினக்குறிப்பு. எஞ்சினியர் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'இப்படி ஒன்று அங்கே இருப்பது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.'

மறுநாள் மத்தியானம் சல்லி என்ற மீனவக் கரையிலிருந்து ஒரு பெண் கந்தோர் வாசலுக்கு வந்தார். கையில் சாப்பாட்டுப் பாத்திரம். சம்மட்டியைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவரின் தாய் என்று அறிவேன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"பிள்ளை, கீழ கிடக்கிறது என்ர மனுசன்."

தட்டெழுத்து இயந்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

"யுத்த நேரம், ஜப்பான்காரன்ர குண்டு துறைமுகத்தில விழுந்த காலமை, பார்ஜில சாமான் இறக்கப் போனவர். அது ஆக்களோட கடலுக்குள்ள தாண்டுபோச்சு. எங்கட கரையில எல்லாருக்கும் தெரியும். வலை சிக்கிற இடம் எண்டு ஒருத்தரும் அங்க வீசமாட்டினம். இவன் அப்ப என்ர வயித்துக்குள்ள."

"பிறகு ஆரும் தேடேல்லையோ, அம்மா?"

"ஆர் தேடுறது? துரைமார் தங்கட கப்பலைத் தேடினவை. கூலியாளின்ர பேரை ஆர் எழுதி வைச்சவை? ஆஸ்பத்திரியில கேட்டனான். கடதாசி கொண்டு வா எண்டினம். ஆக்களோட பார்ஜ் தாண்ட இடம் எண்டு உங்கட கந்தோர் ஒரு வரி எழுதித் தந்தால் எலும்பைத் தருவினமாம். எடுத்துக் கொள்ளி வைக்கலாம்."

நான் அவருக்கு மறைக்கவில்லை. கடிதத்தை, தடங்கலை உடனே அறிவித்தோம் என்ற வரியிலிருந்து, தமிழில் வாசித்துக் காட்டினேன். 'எவருக்கும் தெரிந்திருக்கவில்லை' என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"எவருக்கும் எண்டால், நாங்கள்?"

சொன்னேன். கரைக்குத் தெரியும் என்று எழுதினால், அப்போ நீங்கள் ஏன் கேட்டறியவில்லை என்று எதிர்ப்பக்கம் கேட்கும், ஒப்பந்தக்காரர் இடத்தையும் சுற்றுப்புறத்தையும் விசாரித்துத்தான் விலை கொடுத்தவர் என்று இன்னொரு பிரிவு இருக்கிறது, கேட்கிற கூடுதல் நாள் கிடைக்காது.

"நாள் தராட்டி?"

"தண்டம் வரும். வேலை நிக்கும்."

அவர் கடல் பக்கம் திரும்பினார். சும்மா நின்ற வின்ச்சின் நிழலில் மகன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

எங்கள் எஞ்சினியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் முகத்தைத் தேய்த்தார்.

"பாவம் தங்கச்சி. ஆனால் வலை சிக்கிற கதை பதிவு இல்லை. எனக்கு ஒருத்தரும் சொல்லவுமில்லை. 'எவருக்கும்' எண்டதை எடுங்கோ. 'எங்களுக்குத் தந்த பதிவு எதிலும் இல்லை' எண்டு போடுங்கோ. அது உண்மை. அதுக்கு மேல எனக்கு ஏலாது."

அந்த ஒரு சொல்லை மாற்றி அடித்தேன். அந்தப் பெண் கேட்ட ஒரு வரியை எழுதவில்லை.

கடிதம் போன பிறகு ஒரு காலை, பெரிய எஞ்சினியர் பதிவுகளைச் சரிபார்க்க வந்தார். தினக்குறிப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் தன்னுடைய குறிப்போடு ஒப்பிட்டார். சில மழை நாள்களைச் சிரித்துக்கொண்டே வெட்டினார். அளவேட்டில் தன் ஆளின் கையொப்பத்தை விரலால் தடவினார். பிறகு மூடிவைத்துவிட்டு, ஆங்கிலத்தில், "கரையில் யாரையாவது கேட்டீர்களா?" என்றார்.

எங்கள் எஞ்சினியர் வரைபடத்தை முன்னே நகர்த்தினார். "உங்கள் வரைபடத்தைக் கேட்டேன்" என்றார்.

பெரிய எஞ்சினியர் தலையசைத்தார். ஆனால் பார்வை வாசலுக்குப் போயிருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அந்தப் பெண் அங்கே நின்றார். யார் என்று கேட்டார். வின்ச்காரரின் தாய் என்றேன். எழுந்து வெளியே போனார். என்னையும் கூப்பிட்டார், மொழிபெயர்க்க.

"கேளுங்கள். அந்த இடத்தில் ஏதோ கிடக்கிறது என்று முன்னமே அவருக்குத் தெரியுமா?"

கேட்டேன். சொல்லுக்குச் சொல், கூட்டாமல் குறைக்காமல். காற்று நின்றிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, பெரிய எஞ்சினியரையும் பார்க்கவில்லை. வின்ச்சைப் பார்த்தார். மகன் பீடியை எறிந்துவிட்டு எழுந்து நின்றார்.

முப்பது வருடம் ஒரு மனிதரைத் தண்ணீருக்குள் உயிரோடு வைத்திருந்தவர். ஓம் என்ற ஒரு சொல் போதும், அந்த மனிதர் கரைக்கு வந்துவிடுவார்.

"கடலுக்குள்ள கிடக்கிறது கடலுக்குத்தான் தெரியும்" என்றார்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பெரிய எஞ்சினியர் சற்று நேரம் அவருடைய பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன விளங்கிக்கொண்டாரோ, எனக்குத் தெரியாது. குறிப்புப் புத்தகத்தைத் திறக்காமலே உள்ளே போனார்.

தீர்மானம் வந்தது. மழையில் பெரும்பகுதி போயிற்று. வரைபடத் தாமதத்தில் கொஞ்சம் கிடைத்தது. பார்ஜால் நின்ற நாள் முழுவதும் கிடைத்தது. முதலாளி எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். எலும்பை அடையாளம் தெரியாதது என்று எழுதி, நீதிமன்ற உத்தரவோடு பொதுச் சவக்காலையில் புதைத்தார்கள். மற்றதெல்லாம் தகடுகளுக்குள்ளேயே இருக்கட்டும் என்று பைல்களைப் பார்ஜின் இரு பக்கமும் நகர்த்திப் புதிய வரைபடம் வந்தது. இனி கீழே கிடக்கிற அந்த மனிதருக்கு மிக அருகில் அடிப்பார்கள்.

வேலை மறுபடி தொடங்குகிற காலையில் அந்தப் பெண் வந்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது. பாத்திரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. இயந்திரத்தின் கம்பி இறுகுகிற சத்தம் கேட்டது. சம்மட்டி மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.

"இண்டைக்குத்தானே தொடங்குறியள்?"

"ஓம், அம்மா. இப்ப."

"உங்கட கடிதத்தில எல்லாத்துக்கும் அறிவித்தல் குடுக்கவேணும் எண்டு வாசிச்சனீங்கள், என்ன?"

"ஓம்."

அவர் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு மணலில் இறங்கினார். இரண்டடி வைத்தவர் திரும்பினார்.

"அப்ப அடிக்க முதல் ஒருக்காச் சொல்லிப்போட்டு அடிக்கச் சொல்லுங்கோ, பிள்ளை. அந்த மனுசன் திடுக்கிட்டுப்போடும்."