ஐந்து நிமிட மௌனத்தை வெட்டியவள்

கடலோர ஊரான பாரன்கீயாவில் பிறந்து வளர்ந்து, அந்த ஊர் கார்னிவலில் ஒருமுறைகூட ஆடாதவள் நூரிஸ் பெர்த்தூஸ். வெளியே சொன்னால் நம்பமாட்டார்கள். காலில் குறை கிடையாது, தாளம் பிசகாது, வாய்த்துடுக்குக்கும் பஞ்சமில்லை. வேலைதான் குறுக்கே நின்றது. இருபது வருஷத்துக்கும் மேலாக உள்ளூர் வானொலி ஒன்றில் ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கார்னிவலைத் தொடங்கிவைக்கும் ‘பூப்போர்’ ஊர்வலம் தெருவில் போகும். நூரிஸ் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு, அறிவிப்பாளர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்துத் தம்பட்டச் சத்தத்தை ஏற்றி விடுவாள். ஊரே ஆடும். இவள் விரல் மட்டும் ஆடும்.

அந்த வானொலியை இழுத்து மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நூரிஸும் அழுதாள். பாதி அழுகையில் இனிமேல் பிப்ரவரி தனக்குக் காலி, தானும் ஆடலாம் என்பது உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வயிறு இருக்கிறதே, அது பிப்ரவரிக்கு மட்டும் லீவு விடுமா? கைவசம் இருந்த தொழிலையே கடையாக்கினாள். இப்போதெல்லாம் பல் டாக்டர், வக்கீல், நாய் வளர்ப்பவர் என்று ஆளாளுக்கு ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். பேச எல்லாருக்கும் வருகிறது, பேசியதைக் கேட்கும்படி ஆக்கத்தான் ஆள் இல்லை. துணி அலமாரிக்குள் இருந்த பாவாடைகளை ஒரு ஓரமாகத் தள்ளி நாற்காலியைப் போட்டாள். தொங்குகிற துணி எதிரொலியை விழுங்கிவிடும், ஸ்டூடியோவுக்கு வாடகை தர வேண்டாம். சாப்பாட்டுக் கடை போல மூன்று பொட்டலம் போட்டு, எபிசோடுக்கு இவ்வளவு என்று விலை எழுதி இணையத்தில் வைத்தாள்.

மலிவானது அரேப்பா, வெறும் சோள ரொட்டி. இரைச்சலை மட்டும் சுத்தம் செய்து நான்கு நாளில் தருவாள். அடுத்தது சான்கோச்சோ, அந்தப் பெயர்கொண்ட குழம்பைப் போலவே எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்தது. இரைச்சல் போகும், குரல்கள் ஒரே மட்டத்துக்கு வரும், ‘ம்ம்’, ‘வந்து’ எல்லாம் காணாமல் போகும், நீண்ட இடைவெளிகள் சுருங்கும். எந்த நிமிடத்தில் என்ன பேசுகிறார்கள் என்ற நிகழ்ச்சிக் குறிப்பும் கூடவே வரும். இதற்கு இரண்டு நாள். மூன்றாவது அவசர சான்கோச்சோ. சரக்கு அதேதான், இருபத்துநான்கு மணி நேரத்தில் கைக்கு வரும், தவறினால் காசு வாபஸ். எதுவாக இருந்தாலும் திருத்தம் ஒருமுறை இலவசம், கேட்ட நாளிலிருந்து மூன்று நாளில்.

கார்னிவல் நான்கு நாளும் கடை கிடையாது என்று மட்டும் அவள் எழுதவில்லை. பாரன்கீயாக்காரர்கள் யாரும் எழுதமாட்டார்கள். செத்தவன் மூச்சு விடமாட்டான் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

அந்த வருஷம் தில்யாவின் கும்பியா நடனக் குழுவில் சேர்ந்தாள். நான்கு மாதம் ஒத்திகை. சிவப்புப் பூப்போட்ட பாவாடை தைத்தாயிற்று, தலைக்குக் காகிதப்பூ வாங்கியாயிற்று. இரண்டாவது வரிசையில் ஓரத்தில் இடமும் கிடைத்தது. தில்யா மீன் விற்பவள். அவள் குரலுக்குப் பொட்டலமே தேவையில்லை.

“சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு எல்லாரும் பெட்ரோல் பங்க் முன்னாடி நிக்கணும். பத்தே கால்னு எவளாவது வந்தா, அவ பாவாடையக் கழட்டி என் அண்ணன் மகளுக்குக் கட்டி விட்ருவேன். யாரைச் சொல்றேன்னு தெரியுதா, நூரிஸ்?”

“நான் வேலைக்கே லேட்டா போனதில்ல, தில்யா.”

“வேலைக்குப் போவடி நீ. அதான் எனக்கு பயம்.”

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு போகோத்தாவிலிருந்து டாக்டர் க்ளெமென்சியா உமாஞாவின் ஒலிக்கோப்பு வந்து விழுந்தது. அவசர சான்கோச்சோ.

போகோத்தா மலைமேல் ஊர். குளிர். அங்கே நாயைக்கூட ‘நீங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் மனநல மருத்துவர். நூரிஸின் வாடிக்கையாளர்களில் ஒழுங்காகக் காசு அனுப்புபவர், எழுதியிருப்பதை எல்லாம் வரி விடாமல் படிப்பவரும் அவர் ஒருவர்தான். நூரிஸ் உடனே போன் போட்டாள்.

“டாக்டர், நாளைக்கு எங்க ஊர்ல கார்னிவல்...”

“தெரியுமே. அதுக்காகத்தான் இந்த சிறப்பு எபிசோட். கார்னிவல் சத்தம் பிடிக்காதவங்களுக்கு, மௌனத்தைப் பத்தி. நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்குத் தானா வெளியாகுற மாதிரி அறிவிச்சிட்டேன். இருபத்துநாலு மணி நேரம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

எழுதியது அவள்தான். சரி என்று போனை வைத்தாள்.

அன்று மாலை கடைசி ஒத்திகை, தப்ப முடியாது. திரும்பி வந்து படுத்தவள் சனிக்கிழமை விடிந்ததும் காபியோடு அலமாரிக்குள் நுழைந்தாள். டாக்டரின் அறையில் ஃப்ரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. வைத்தியம் சுலபம்தான். யாரும் பேசாத இடத்தில் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும் ஒரு துண்டு எடுத்து, ‘இதுதான் திருடன்’ என்று மென்பொருளுக்குக் காட்டினால், கோப்பு முழுக்க அவனைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் அதிகம் தள்ளினால் போச்சு, டாக்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுவது போல ஆகிவிடும். எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காதுக்கு எதிர்வீட்டு எடில்பெர்த்தோ வழி விட வேண்டுமே! அவனிடம் ஒரு பிகோ இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே, உடம்பெல்லாம் பளீர் வர்ணம் பூசிய ஒலிபெருக்கிப் பெட்டி. முந்தின நாள் சாயங்காலம் போட்டவன் இன்னும் அணைக்கவில்லை. ஹெட்போனைத் தாண்டி, பாவாடைகளைத் தாண்டி, நாற்காலிக் கால் வழியாக ஏறி வந்தது அதன் அடித்தாளம். எது ஃப்ரிட்ஜ், எது எடில்பெர்த்தோ என்று பிரிக்க முடியவில்லை. நூரிஸ் தலையில் முடி சுருட்டும் குழல்களோடு தெருவைக் கடந்தாள்.

“எடில்பெர்த்தோ! கொஞ்சம் குறைடா!”

“உனக்காகக் குறைச்சுத்தான்க்கா வச்சிருக்கேன்!”

“ஒரு மணி நேரம் அணைச்சு வை. வேலை இருக்கு.”

“கார்னிவல் அன்னிக்கா? என்னக்கா வேலை?”

“மௌனத்தை எடிட் பண்றேன்.”

எடில்பெர்த்தோ அவளை மேலும் கீழும் பார்த்தான். “மௌனத்துல எடிட் பண்ண என்னக்கா இருக்கு? அதுலதான் ஒண்ணுமே இல்லையே!”

கடைசியில் அரைமணி நேரம் அணைத்து வைக்கிறேன் என்றான், பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தான். அதற்குள் ஃப்ரிட்ஜைப் பிடித்துவிட்டாள். மீதியை முடிக்க அவளிடம் ஏற்கெனவே ஒரு குறுக்குவழி இருந்தது. டாக்டருக்கென்று சேமித்து வைத்திருந்த அமைப்பு, ஒரே பொத்தான். மட்டம் சரியாகும், இரண்டு நொடிக்கு மேல் யாரும் பேசாமல் இருந்தால் அது அரை நொடியாகச் சுருங்கும். தட்டினாள். தொடக்கம் கேட்டாள், முடிவு கேட்டாள். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. நிகழ்ச்சிக் குறிப்பை, அசல் கோப்பிலிருந்து கணினி எழுதித் தந்த எழுத்து வடிவத்தைப் பார்த்தே எழுதினாள். எல்லாவற்றையும் ஒன்பதே கால் மணிக்கு அனுப்பிவிட்டு, பாவாடையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்ரோல் பங்க் முன்னால் நின்றாள். தில்யாவின் அண்ணன் மகள் முகம் தொங்கிப் போனது. நூரிஸுக்குப் பாவமாகக்கூட இல்லை.

கார்னிவலில் எது நேரத்துக்குக் கிளம்பும்? அரேப்பா சாப்பிட்டார்கள், ஒருவர் முகத்தில் ஒருவர் மக்காச்சோள மாவைப் பூசினார்கள், வெயிலில் வெந்தார்கள். இரண்டரை மணிக்கு அவர்கள் குழுவின் முறை வந்தது. மேளக்காரர் குச்சியைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து நூரிஸின் ரவிக்கைக்குள் போன் அதிர்ந்தது.

எடுக்காமல் விட்டிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம் விடவில்லை.

“நூரிஸ், என் மௌனம் எங்க?” டாக்டர்தான். “‘கண்களை மூடிக்கொண்டு, இனி ஐந்து நிமிடம் என்னோடு மௌனமாக இருங்கள்’னு சொல்றேன். உடனே ‘கண்ணைத் திறங்கள், இப்போது எவ்வளவு லேசாக இருக்கிறது பார்த்தீர்களா?’ன்னு கேக்குறேன்! நாலு இடத்துல இப்படியே இருக்கு! ஒருத்தர் எழுதியிருக்கார், கண்ணை மூடவே எனக்கு நேரம் கிடைக்கலன்னு. நாப்பது நிமிஷ எபிசோட் இருபது நிமிஷம்தான் ஓடுது. குறிப்புல மட்டும் முப்பத்திரண்டாவது நிமிஷம் ஆழ்ந்த அமைதின்னு போட்டிருக்கீங்க!”

நூரிஸுக்கு உடனே புரிந்தது. பொத்தான் தன் கடமையைச் செவ்வனே செய்திருந்தது. டாக்டரின் இருபது நிமிட மௌனத்தை வெற்றிடம் என்று நினைத்து வழித்து எறிந்திருந்தது. தப்பு முழுக்க அவளுடையது. வெட்கமாக இருந்தது.

“என் தப்புதான், டாக்டர். முழுசா கேக்காம அனுப்பிட்டேன். அசல் பத்திரமா இருக்கு, எல்லாத்தையும் திரும்ப வச்சுத் தரேன்.”

“எப்போ? இப்பவே செய்யுங்க!”

முன்னால் தில்யா திரும்பி முறைத்தாள். முதல் வரிசை நகர்ந்துவிட்டது. வீடு அரைமணி தூரம். கண்ணாடிக் கூண்டு அவளை மறுபடியும் கூப்பிட்டது. ஓடிப் போய் உட்கார்ந்தால் மூன்றரைக்குள் முடித்துவிடலாம். கால் ஒரு அடி பின்னால்கூட நகர்ந்தது. அதற்குமேல் நகர மறுத்தது.

“டாக்டர், திருத்தம் மூணு நாள். அதுவும் நான்தான் எழுதியிருக்கேன், நீங்களும் படிச்சிருப்பீங்க. அதுவரைக்கும் அந்த எபிசோட இணையத்துலேர்ந்து இறக்கி வையுங்க. காசும் வேண்டாம், திருப்பி அனுப்பிடறேன். ஆனா இன்னிக்கு என்னால முடியாது. நான் ஆடணும்.”

மறுமுனையில் பேச்சில்லை. இரண்டு நொடி, மூன்று நொடி. வழக்கமாக இந்த இடத்தில் அவள் விரல் வெட்டிவிடும். இந்த முறை வெட்டவில்லை. மேளம் விழுந்தது. போனை அப்படியே ரவிக்கைக்குள் செருகினாள், பாவாடை நுனியைப் பிடித்தாள், கூட்டத்துக்கு நடுவே இறங்கினாள்.

எப்படி ஆடினாள் என்று கேட்டால், சுமாராகத்தான். முதல் திருப்பத்தில் தில்யாவின் காலை மிதித்தாள், தில்யா திட்டியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நடுவில் புல்லாங்குழல் ஏறியபோது அழுகை வந்தது, அழுதுகொண்டே ஆடினாள். முகத்தில் மாவு குழைந்து பசையாகிவிட்டது. மேலே எங்கோ ஒரு கூண்டில் யாரோ ஒருவர் இந்தச் சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். ஐயோ பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர்வலம் முடிந்து நடைபாதையில் உட்கார்ந்து, மூச்சு திரும்பியபின்தான் போன் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“டாக்டர்? இன்னும் இருக்கீங்களா?”

“இருக்கேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “உங்க பக்கத்துல ஒரு அம்மா என்ன வார்த்தை சொன்னாங்க? அகராதியில தேடிப் பாத்தேன், கிடைக்கல.”

“கிடைக்காது, டாக்டர்.”

“சரி. எபிசோடை இறக்கிட்டேன். திருத்தம் செவ்வாய்க்கிழமை போதும். நூரிஸ், நான் உங்க ஊருக்கு வந்ததே இல்ல. அடுத்த வருஷம் இதை நீங்க ஒழுங்கா ஒலிப்பதிவு பண்ணிக் குடுப்பீங்களா? ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும், எதையும் சுத்தம் பண்ணாம. எந்தப் பொட்டலம், என்ன விலைன்னாலும் தரேன்.”

நூரிஸ் முகத்து மாவைப் பாவாடை நுனியால் துடைத்தாள்.

“அதுக்கு எங்கிட்ட பொட்டலமே கிடையாது, டாக்டர். அடுத்த வருஷமும் நான் ஆடிக்கிட்டு இருப்பேன்.”