திரும்பக் கூடாத எண்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கணக்கும் கடிதமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் சிறிய சிலைகளைப் பெட்டியில் அடைத்து, முகவரி தட்டச்சு செய்து, தபால் நிலையத்தில் சேர்ப்பதும் என் வேலைதான்.

ஒருநாள் ஜப்பானிலிருந்து வந்த ஓர் அம்மாள் கருங்கல் பிள்ளையார் ஒன்றை வாங்கினார். தன் ஊரில் தேநீர்க் கடை திறக்கப்போவதாகவும், வாசலில் வைக்கப்போவதாகவும் சொன்னார். எங்கள் ஆர்டர் புத்தகத்தில் முகவரியை முதலில் அவர் மொழியிலும், கீழே ஆங்கில எழுத்திலும் எழுதினார். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. முதலில் அஞ்சல் குறியீடு, பிறகு மாநிலம் மாதிரி ஒன்று, நகரம், பகுதி, 4-7-2 என்ற எண், கடைசியில் அவர் பெயர்.

நம் ஊர் வழக்கப்படி கீழிருந்து மேலாக மாற்றினேன். பெயர், எண், பகுதி, நகரம், மாநிலம், குறியீடு. எல்லாவற்றையும் திருப்புகிறோமே என்று எண்ணையும் திருப்பி 2-7-4 என்று அடித்தேன். சரியாகத்தான் செய்கிறோம் என்று பெருமை வேறு.

கப்பல் வழியாகப் போன பெட்டி சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. மேலே ஒட்டிய சீட்டில், வெளிநாட்டுத் தபால் வழக்கப்படி பிரெஞ்சில் அச்சடித்திருந்த காரணங்களில் ஒன்றுக்கு டிக் போட்டிருந்தார்கள். கூடத்து முதலாளி பெட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாபா இது? அந்தம்மா கடையே தொறந்துட்டாங்களாம், கடுதாசி போட்டுகினே கீறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். பார்சல் கவுண்டரில் இருந்தவர் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். சீட்டைப் பார்த்தவுடன், “ஆள் தெரியலைன்னு போட்டுகீறாங்க சார்” என்றார்.

“பிரெஞ்சு தெரியுமா மேடம் உங்களுக்கு?”

“திரும்பி வர்ற பொட்டியப் பாத்துப் பாத்து இந்த நாலு வார்த்த தெரியும். அந்தம்மா லெட்டர் எதுனா போட்டாங்களா? கவரு கீதா?”

சட்டைப் பையில் கொண்டுபோயிருந்த அவர் கடிதக் கவரை எடுத்துக் கொடுத்தேன். அதன் பின்புறம் அந்த அம்மாள் தன் முகவரியை நமக்காக ஆங்கில முறையில் எழுதியிருந்தார். அதையும் என் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார் மேடம். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நிமிரவில்லை.

“வார்த்தைங்க எல்லாம் ரெண்டுலயும் ஒரே வரிசைல கீது சார். நம்பர மட்டும் அவங்க 4-7-2ன்னு போட்டுகீறாங்க. நீங்க திருப்பிட்டீங்க.”

பலமுறை பார்த்த கவர் அது; எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றே எஸ்டிடி பூத்திலிருந்து அந்த அம்மாளின் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் பதிலுடன் அவர் கையால் வரைந்த ஒரு வரைபடமும் வந்தது. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாதாம். பகுதியைப் பிரித்து அதில் நான்காம் பிரிவு. அந்தப் பிரிவுக்குள் ஏழாம் மனைத்தொகுதி. அதற்குள் இரண்டாம் கட்டடம். நான் அனுப்பியது இரண்டாம் பிரிவில் இருந்த வேறு யாரோ ஒருவர் வீட்டுக்கு. அவருக்கு இந்த அம்மாளைத் தெரியாது.

வரைபடத்தை மேடத்திடம் காட்டி, ஆர்டர் புத்தகத்தில் அந்த அம்மாள் தன் மொழியில் எழுதியிருந்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அவங்க பாஷையில எழுதுனது உங்க புக்குல கீதுல்ல? அத்தப் பெரிசா ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க. கீழ கடைசி வரில ஜப்பான்னு மட்டும் இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல போடுங்க.”

“இங்க யாரும் படிக்க முடியாதே மேடம்?”

“நம்மாளுங்களுக்கு நாட்டுப் பேரு தெரிஞ்சாப் போதும் சார். மேல கீறத அந்த ஊரு போஸ்ட்மேன்தான் படிக்கப் போறாரு. அவருக்குப் புரியற மாதிரி எழுதணும், நமக்குப் புரியற மாதிரி இல்ல.”

அப்படியே ஒட்டினேன். இம்முறை முதலாளி விமானத் தபாலிலேயே அனுப்பச் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்குள் பெட்டி போய்ச் சேர்ந்தது. கடை வாசலில் பிள்ளையாருக்கு அருகே நின்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்ட புகைப்படம் வந்தபோது, இன்னொரு பிரதி போட்டு மேடத்துக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் எந்த முகவரியையும் ‘சரி’ செய்யவில்லை. ஜெர்மனிக்காரர் தெருப் பெயருக்குப் பின்னால் வீட்டு எண்ணையும், ஊருக்கு முன்னால் குறியீட்டையும் எழுதினால் அப்படியே அடித்தேன். இங்கிலாந்துக்காரர் எண்ணை முதலில் எழுதி, குறியீட்டை ஊருக்குக் கீழே வைத்தால் அதுவும் அப்படியே.

மேடம் அதோடு நிற்கவில்லை. மற்றக் கூடத்துக்காரர்கள் பார்சல் கொண்டுவந்தால், “வாங்கினவங்க கைப்பட எழுதுனது எங்க?” என்று கேட்காமல் ரசீது போடமாட்டார். சிலர் சலித்துக்கொண்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கவுண்டரில் நான் பார்சலை வைத்ததும், பெட்டியைப் பார்க்காமல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்: “கைப்பட எழுதினது இருக்கா சார்? கேட்டுட்டுதான் வாங்கணும்னு மேடம் எழுதி வெச்சிட்டுப் போயிருக்காங்க.”