அஞ்சல் எண்ணை மாற்றிய பிறகு

மகள் கணவனை விட்டு வந்து தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்த இடம் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் கை நீட்டுகிறவன், இடம் தெரிந்தால் போய் நிற்பான். அவள் அனுப்பும் குரல் செய்திகள், அறைக்கு வழி காட்டும் படம் எல்லாமே என் கைப்பேசியில் இருந்தன.

கைப்பேசிக்கு நான் போட்டிருந்த பூட்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அஞ்சல் எண். ஆறு எண், மறக்காது. இந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருப்பார்கள்.

"அது அவருக்கும் தெரியும்மா," என்று சொல்லி மகள் என்னைச் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கைப்பேசிக் கடைக்கு அழைத்துப் போனாள். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒன்று போடச் சொன்னாள்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. எண் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் எழுத்து அப்படியில்லை. கடையிலேயே அடித்துப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அழுத்துவதற்குள் பக்கத்தில் நின்ற ஆள் முழுவதையும் பார்த்துவிட்டார்.

கடைக்காரர் சிரித்தார். "அம்மா, சில தடவை தப்பா அடிச்சா இது ஒரு நிமிஷம் காக்க வைக்கும். அப்புறம் அஞ்சு, அப்புறம் கால் மணி, அப்புறம் ஒரு மணி, அதுக்கு மேலயும் போகும். பத்துத் தடவை தப்பானா எல்லாத்தையும் அழிச்சிடும், அதை நான் போட்டு விடுறேன். ஆறு எண்ணுல பத்து லட்சம் வகை இருக்கு. கையால எவன் அடிச்சு முடிப்பான்?"

"அப்போ நீளமா எதுக்குண்ணே?" என்றாள் மகள்.

"கம்பி மாட்டி அந்தக் காத்திருப்பையே தாண்டுற மெஷின் வச்சிருக்கிறவனுக்கு ஆறு எண்ணு ஒரு நாள் வேலைலா. நல்ல நீளமா, எழுத்தும் கலந்திருந்தா ஆயுசுக்கும் முடியாது. உங்க வீட்டுக்காரர்கிட்ட மெஷின் இருக்கா?"

"இல்ல. அவருக்கு எங்க குடும்பம் தெரியும்."

"அதான் ஆபத்து. பொறந்த நாளு, கல்யாண நாளுன்னா காத்திருப்பு வர்றதுக்கு முன்னாலேயே திறந்திடுவார். யாருக்கும் சொந்தமில்லாத எண்ணா போடுங்க."

முகம் காட்டித் திறப்பதையும் விரல் ரேகையையும் அவரே அணைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பூஜ்யம் முதல் ஒன்பது வரை துண்டுக் காகிதங்களில் எழுதி டப்பாவில் போட்டோம். ஒன்றை எடுப்பது, பார்ப்பது, திரும்பப் போட்டுக் குலுக்குவது. ஆறு முறை எடுத்ததுதான் எண். நாள் முழுக்க அடித்து அடித்து விரலுக்குப் பழக்கினேன். பிறகு காகிதங்களைக் கிழித்துப் போட்டேன்.

கொஞ்ச நாளில் மருமகன் தோ பாயோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் வைத்து அனுப்பினால் அக்கம்பக்கம் என்ன பேசும்? உட்காரச் சொல்லி டீ போடப் போனேன். கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

டீயோடு வந்தபோது அது அவன் கையில் இருந்தது.

"அத்தை, நம்பரை மாத்திட்டீங்களா?"

"கொடுங்க இப்படி."

"அவ எங்கன்னு சொல்லுங்க, கொடுக்கிறேன்."

நான் எதிரே உட்கார்ந்தேன். திரையில் காத்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முடிந்ததும் அடித்தான், திறக்கவில்லை. மறுபடி காத்திருந்து அடித்தான். இந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று முருகனை வேண்டினேன். டீயில் ஆடை கட்டியது. கால் மணிக் காத்திருப்பையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். அடுத்து ஒரு மணி நேரம் என்று வந்ததும் எழுந்துவிட்டான்.

"கிழவிக்கு இவ்வளவு பூட்டா?" என்று கைப்பேசியைச் சோபாவில் வீசினான்.

"டீயைக் குடிச்சிட்டுப் போங்க," என்றேன். நின்றபடியே ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போனான். கதவை இரண்டு பூட்டும் போட்டுப் பூட்டினேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. நான் அடுப்படியில் இருந்தபோது அவன் எத்தனை முறை அடித்தானோ, தெரியாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தடவையாகக்கூட இருக்கலாம். நான் தப்பாக அடித்தால் எல்லாம் அழிந்துவிடும். மகளின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, அதற்குள்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுத்து அடிக்கச் சொல்லலாம், ஆனால் அந்த எண்ணை இன்னொருவர் காதில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மணி நேரமும் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிந்ததும் உடனே தொடவில்லை. எழுந்து போய் முகம் கழுவினேன், கையைத் துடைத்தேன். பிறகு ஒவ்வோர் எண்ணாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

திறந்தது.

மகளைக் கூப்பிட்டேன். "அவரு வந்தாராம்மா?" என்றாள், நான் வாய் திறக்கும் முன்பே.

"வந்தாரு. டீ குடிச்சாரு. போயிட்டாரு," என்றேன்.