ஆறு கட்டுக் காசோலை

“கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம், எக்காரணம் கொண்டும், கடன் பெற்றவர் பணி ஓய்வு பெறும் தேதிக்கு அப்பால் நீளாது.” என் வீட்டுக் கடன் அனுமதிக் கடிதத்தின் ஒன்பதாவது நிபந்தனை இது. ‘எக்காரணம் கொண்டும்’ என்ற சொற்களை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். அலுவலக நடைமுறையிலேயே ஆயுளைக் கழித்தவன் அந்தச் சொற்களைப் பார்த்ததும் உஷாராகியிருக்க வேண்டும்.

அப்போது கல்பாக்கத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். குடியிருப்பது அரசுக் குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றதும் காலி செய்தாக வேண்டும். எனவே என் சகாக்களைப் போல நானும் செங்கல்பட்டில் ஒரு வீடு கட்டி, வாடகைக்கு விட்டேன். கடன் ஆறு லட்சம். ஏழரை சதவீதம், மாறும் வட்டி. பதினைந்து வருடம், நூற்று எண்பது தவணை, மாதம் 5,562 ரூபாய். முதல் தவணை 2004 செப்டம்பர், கடைசித் தவணை 2019 ஆகஸ்ட். நான் ஓய்வு பெறுவது 2019 செப்டம்பர் கடைசியில். ஒரு மாதம் இடைவெளி விட்டுக் கணக்கைப் போட்டதில் எனக்கு அசாத்தியப் பெருமை.

அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர்கள் முப்பத்தாறு காசோலைகளைத் தேதியும் தொகையும் எழுதி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு கட்டு. மொத்தம் ஐந்து கட்டு. மாதாமாதம் பாஸ்புக்கைப் பதிந்து வந்து, 5,562 கழிந்திருக்கிறதா என்று பார்த்து, சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போடுவேன். ஒரு ரூபாய் கூடியதில்லை, குறைந்ததில்லை. முப்பத்தாறு டிக். தொகை மாறாவிட்டால் எதுவும் மாறவில்லை என்று நினைத்த தணிக்கைப் புத்தி அது.

2007 ஆகஸ்டில் இரண்டாவது கட்டைக் கொடுக்க அரைநாள் விடுப்பு எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில், கடன் கொடுத்த நிறுவனத்தின் செங்கல்பட்டுக் கிளைக்குப் போனேன். கிளை அதிகாரி ஒரு பெண்மணி, முப்பது வயது இருக்கும். கணினியைப் பார்த்துவிட்டு என் காசோலைகளை எண்ணினார்.

“இதை இப்ப வாங்கிக்கிறேன் சார். இதுக்கப்புறம் இன்னும் அஞ்சு கட்டு வரும்.”

“மூணு கட்டும்மா. நூத்தி எண்பதுல முப்பத்தாறு போச்சு. மீதி நூத்தி நாப்பத்திநாலு. இதோட சேர்த்து நாலு கட்டு.”

“கழித்தல் சரிதான் சார். ஆனா உங்களுக்கு மீதி இருக்கிறது இருநூத்திப் பன்னெண்டு மாசம்.”

திரையைத் திருப்பிக் காட்டினார். கடைசித் தவணை: 2025 ஏப்ரல். எனக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும். பென்ஷனில் பாதி தவணைக்குப் போகும். வீட்டுப் பத்திரம் அவர்களுடைய பெட்டகத்தில் இருக்க, நான் அந்த வீட்டில் கடனாளியாகக் குடியேறுவேன்.

“நான் ஒரு தவணைகூடத் தவறினதில்லையே!”

“தவறல சார். வட்டி ஏறிடுச்சு. ஏழரை, எட்டரை, ஒம்பதரை, இப்ப பத்தரை.”

“ஆனா தவணை ஏறலையே?”

“எப்படி சார் ஏறும்? நீங்கதான் தொகை எழுதி எங்ககிட்ட செக் குடுத்துட்டீங்களே. அதுல நாங்க எழுத முடியுமா? அதனால மாசத்தை ஏத்திடுவோம்.” குரலைத் தாழ்த்தினார். “தவணைய ஏத்தினா நாளைக்கே ஊரே இங்க வந்து நிக்கும் சார். மாசத்தை ஏத்தினா ஒருத்தரும் வர்றதில்ல. மூணு வருஷத்துல கணக்கு கேட்ட முதல் ஆள் நீங்கதான். அதுவும் செக் எண்ண வந்து.”

ஒரு காகிதத்தில் எழுதியும் காட்டினார். தவணையிலிருந்து முதலில் அந்த மாத வட்டியை எடுத்துக்கொள்வார்கள்; மிஞ்சுவதுதான் அசலைக் குறைக்கும். முதல் மாதம் வட்டி 3,750 போக அசலுக்கு 1,812 போனது. மூன்று வருடம் கட்டிய பிறகு அது கூடியிருக்க வேண்டும். இப்போது பாக்கி ஐந்து லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். அதற்குப் பத்தரை சதவீதத்தில் வட்டியே 4,685. அசலுக்குப் போவது 877. ஆக, நான் டிக் போட்ட எண் அப்படியே இருந்தது. அதன் வயிற்றுக்குள் வட்டி அசலைத் தின்றுகொண்டிருந்தது.

“இதைத் தெரிவிக்க வேண்டாமா?”

“ஒவ்வொரு தடவையும் லெட்டர் போட்டிருக்கோம் சார். நீங்க குடுத்த விலாசத்துக்கு.”

நான் கொடுத்த விலாசம், சொந்த வீடு என்ற மிதப்பில், புது வீட்டு விலாசம். நேரே அங்கே போனேன். குடியிருந்தவர் மினி லாரி வைத்திருந்தார். வாசலில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஏதாவது தபால் வந்துதாப்பா?”

“வந்துகினேதான் கீது சார். எல்லாம் டிவி மேல பத்திரமா வச்சிருக்கேன்.”

“ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?”

“மேல இன்னா போட்டிருக்கான்னு பாத்தேன். வட்டி விகிதம்னு கீது. வட்டிக்காரன் லெட்டரக் கொண்டாந்து குடுத்தா யாரு சார் சந்தோசப்படுவாங்க? உனுக்கு எதுக்கு பேஜாருன்னு வுட்டுட்டேன்.”

மூன்று உறை, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

மறுவாரம் மீண்டும் கிளைக்குப் போனேன். ஒன்பதாவது நிபந்தனையைக் காட்டினேன். அதிகாரி நிதானமாகப் படித்தார்.

“கடன் குடுக்கும்போது ஓய்வு தேதிய கம்ப்யூட்டர் பாக்கும் சார். அப்புறம் அது பாக்கறதில்ல.”

“நான் பார்க்கிறேன். மாசத்தைப் பழையபடி வையுங்க. தவணைய ஏத்திக்குங்க. அதுக்கு ஃபாரம் குடுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “தவணையக் குறைக்க ஃபாரம் இருக்கு சார். ஏத்தச் சொல்லி யாரும் கேட்டதில்ல. அதுக்கு ஃபாரமே இல்ல.”

ஃபாரம் இல்லாதது எனக்கு ஒரு தடையே அல்ல. வெள்ளைத் தாளில் இரண்டு படி எழுதினேன். பார்வை, பொருள், ஒன்பதாவது நிபந்தனை மேற்கோள், கோரிக்கை. ஒரு படியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். முப்பத்தாறு காசோலையையும் திரும்பப் பெற்று, மூன்றை மட்டும் பழைய தொகைக்குக் கொடுத்தேன். முழுக் கட்டையும் விட்டால் தலைமை அலுவலகம் என் கடிதத்தின் மேல் அந்தக் கட்டையே வைத்து மூடிவிடும். நானும் அப்படிப் பல கடிதங்களை மூடியவன்தான்.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒரே கேள்வி. “மாசம் எவ்வளவு கூட வரும்?”

“ஆயிரம் ரூபா சுமாருக்கு.”

“அவ்வளவுதானா? ஆறு வருஷம்னு நீங்க மூஞ்சிய வச்சிருந்த விதத்துக்கு வீடே போச்சுன்னு நெனச்சேன்.”

அன்றைக்குத்தான் தூங்கினேன். ஆனாலும் காகிதத்தில் வரும்வரை எதுவும் நடந்ததாகாது. செப்டம்பரில் ஒரு நினைவூட்டு, அக்டோபரில் இன்னொன்று. நவம்பரில் கடைசிக் காசோலையும் பணமானது. விலாசத்தை மட்டும் ஞாபகமாகக் குவார்ட்டர்ஸுக்கு மாற்றியிருந்தேன்.

பிறகு ஒரு மாலை, அலுவலகப் பேருந்திலிருந்து இறங்கி வரும்போது மனைவி உறையைப் பிரித்துப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். நான்கே வரி. டிசம்பர் முதல் தவணை 6,592 ரூபாய். மீதித் தவணைகள் நூற்று நாற்பத்தொன்று. கடைசித் தவணை 2019 ஆகஸ்ட். நான் தவணைத் தொகையைத் தாண்டி, மாதங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டேன். வந்து சேர்ந்த தேதியையும் வழக்கப்படி மூலையில் குறித்தேன்: 29 நவம்பர் 2007.