இரண்டாம் வகைச் செல்கள்

அண்ணனின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீர், ஒரு சின்னக் குப்பியில் தேனியிலிருந்து போடிக்கு என் ஆய்வகம் தேடி வந்தது. செல்களைப் பார்த்து நோயைச் சொல்வது என் தொழில். தேனியில் உள்ள நெஞ்சு நோய் மருத்துவர் வழக்கமாக எனக்குத்தான் அனுப்புவார். சொந்த அண்ணனுடையதை நான் தொட்டிருக்கக் கூடாது. மதுரைக்கு அனுப்பியிருக்க வேண்டும். பிறத்தியார் கையில் கொடுக்க மனசு வரவில்லை. கூட வந்த படிவத்தில், இருமல், ஸ்கேனில் வலது பக்கம் ஒரு திட்டு, இவ்வளவுதான் எழுதியிருந்தது.

கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். கை பழக்கத்தில் ஓடியது. மூச்சுக்குழாயிலிருந்து கீழே போகும் வழி எனக்குப் பழகின தெருதான். முதலில் நெட்டையான செல்கள், உச்சியில் மெல்லிய முடிகளோடு. அவற்றுக்கு நடுவே சளி நிரம்பி உப்பிய கோப்பைச் செல்கள், அளவுக்கு அதிகமாகவே. இருபது வருடம் பீடி குடித்தால் வேறெப்படி இருக்கும்? குழாய்கள் மெலிந்துகொண்டே போகிற இடத்தில் கோப்பைச் செல்கள் குறைந்து கிளப் செல்கள் வரும். முடியில்லாமல், தலை உருண்டு, குள்ளமாக இருக்கும். சுவரைக் காக்கும் நீரைச் சுரப்பதும், சுவர் சேதமானால் பெருகி அடைப்பதும் அவற்றின் வேலை. இப்படிப் பரப்பிய தகட்டில் அவற்றை அடையாளம் சொல்வது கஷ்டம். நான் தேடவும் இல்லை.

தேடாமலே கண்ணில் பட்டது வேறொன்று. கொத்துக் கொத்தாகப் பெரிய செல்கள், பெருத்த உட்கரு, நுரைத்த உடல். ஒன்றில்கூட முடி இல்லை. முடி இருந்திருந்தால் புற்று இல்லை என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மேஜையில் டீ ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்தேன்.

மறுபடி பார்த்தபோது, தூசியை விழுங்கும் செல்களுக்குள் கரி அப்பிக் கிடந்தது. பீடிக்கு இவ்வளவு வராது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சமீபத்துல புகைக்குள்ள எதுவும் மாட்டுனியா? பீடியைச் சொல்லல."

"ஸ்டோர்ல குழாய் விட்டுப்போச்சு ஆத்தா. காய் கருகிருமேன்னு உள்ள போயிட்டேன். ரெண்டு வாரம் இருக்கும். ஒன் மதினிகிட்டச் சொல்லாத, வைவா."

அண்ணன் வேலை பார்க்கும் மலைத் தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்தும் அறையைத்தான் ஸ்டோர் என்பார்கள். விறகடுப்பின் சூடு தகரக் குழாய்களில் ஓடும். குழாய் விரிசல் விட்டால் அறை முழுக்கப் புகை.

காற்றுப்பையின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதல் வகை, காகிதத்தைவிட மெல்லிய தகடு. பரப்பில் பெரும்பகுதியை மூடியிருப்பது அதுதான், காற்று அதன் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. ஆனால் செத்தால் செத்ததுதான், பிரிந்து பெருகாது. இரண்டாம் வகை பருத்துச் சதுரமாக இருக்கும். பை ஒட்டிச் சுருங்காமல் வைக்கும் வழவழப்பைச் சுரப்பது அது. புகை முதல் வகையைக் கொன்றால் இரண்டாம் வகை அவசரமாகப் பெருகி, அந்த இடத்தில் படுத்து, முதல் வகையாகவே மாறும். அந்த அவசரத்தில் அதைப் பார்த்தால் அச்சு அசலாகப் புற்று மாதிரியே இருக்கும். பெரிய பெரிய ஆட்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

'புகைக் காயத்தால் இருக்கலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காயம் ஆறினால் அந்தச் செல்கள் காணாமல் போய்விடும். நெஞ்சு நோய் மருத்துவரும் சரி என்றார். அண்ணன் மலையேறிப் போய்விட்டார். அந்த ஆறு வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது குப்பி வந்தது. கரி குறைந்திருந்தது. செல்கள் குறையவில்லை, கூடியிருந்தன. புற்றிலும் பலது இரண்டாம் வகையிலிருந்தே கிளம்புவதால்தான் இவ்வளவு சாயல். இந்தமுறை தகட்டை மதுரைக்கும் அனுப்பினேன். அவர்களும் புற்று என்றே சொன்னார்கள்.

அண்ணன் ஜீப்பில் இறங்கி நேரே ஆய்வகத்துக்கு வந்தார். எதிரே உட்காரவைத்துச் சொன்னேன். அழுகை வரவில்லை. யாருடைய அறிக்கையையோ வாசிக்கிற குரலில் சொல்லி முடித்தேன். புகையால் வந்ததென்று நினைத்து ஆறு வாரம் தள்ளிவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் இருமி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருமல் புகைக்கு முந்தியே இருந்துச்சே ஆத்தா. தைப்பூசத்துல இருந்தே இருமிக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீ சொல்லலையே அண்ணே."

"நீ கேக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்து எங்கே போக வேண்டும், வெரசாப் போயிடலாமா என்று விசாரித்தார். நான் மதுரை மருத்துவமனைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். எத்தனை நாளாக இருமல் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. முன்பின் தெரியாத ஒருவரின் குப்பியாக இருந்திருந்தால், முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன்.