நாலு நிமிடத்தில் வைத்த பூஜ்யம்

ஏற்காட்டில் ஒரு காபி ஆய்வுக்கூடம். அங்கே கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி அளவு பார்க்கும் கருவியான, எல்லோருக்கும் பொதுவான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கு மேலாளர் சுதாராணி ஆங்கிலத்தில் செய்முறைக் குறிப்பு எழுதினார். அன்றைக்கே, யாரும் கேட்காமல், தமிழிலும் ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினார். அது ஐந்தாவது வரை படித்த உதவியாளர் தேவகுமாரிக்காக. கருவியின் விளக்கு சூடாக அரை மணி நேரம். அப்புறம் மாதிரி சேர்க்காத கரைசலை வைத்து அளவைப் பூஜ்யத்தில் நிறுத்துவது. கரைசல் ஊற்றும் கண்ணாடிக் குப்பியை மங்கலான பக்கத்தில் பிடித்துக் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றுவது. எல்லாவற்றையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவது.

ஒருநாள் ஆராய்ச்சி மாணவர் சத்யராஜுக்கு ஒரே கரைசல் ஒவ்வொரு முறையும் வேறு அளவு காட்டியது.

"தேவகுமாரி அக்கா தேச்சுத் தேச்சுக் குப்பியக் கீறிட்டாங்க மேடம்" என்றான் அவன்.

அவளுடையது தற்காலிக வேலை; பழி விழுந்தால் போய்விடும். தேவகுமாரி மனதுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டாள்.

சுதாராணி பதிவேட்டைப் புரட்டினார். "சுவிட்ச் போட்டது ஒம்பதரைன்னு தேவகுமாரி எழுதியிருக்காங்க. பூஜ்யம் வெச்சது ஒம்பது முப்பத்திநாலு, இது உங்க எழுத்துங்க."

"மத்தியான பஸ்ஸப் புடிக்கோணும்ங்க மேடம்."

"உங்க பஸ் நேரம் விளக்குக்குத் தெரியாதுங்களே. சூடாகறதுக்குள்ள பூஜ்யம் வெச்சா அளவு மாறி மாறித்தான் காட்டும்."

அரை மணி கழியக் காத்திருந்து, மறுபடி பூஜ்யம் வைத்து, அதே குப்பியில் மூன்று முறை பார்த்தார்கள். மூன்றும் ஒரே அளவு. சத்யராஜ், "தப்பா சொல்லிட்டேனுங்கக்கா" என்றான்.

தேவகுமாரி வேலையில் நிலைத்தாள். சுதாராணி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் நாளில், பஸ் படியில் ஏறியபடி சொன்னார்: "இனி யாராச்சும் அவசரப்பட்டா, நீங்களே நிறுத்துங்க தேவகுமாரி. எங்கிட்டக் கேக்க வேண்டீதில்லீங்க."